ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து ஸ்க்ரேப்பிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணக்கம் தம்பி,

நேற்று மாலை ஒரு தளத்தின் பக்கங்களைத் தானாகத் திறந்து தகவல் எடுத்துக்கொண்டிருந்த உங்கள் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். உங்கள் மெஷினிலிருந்து அந்தத் தளத்துக்குப் போகும் இணைப்புகளை ஃபயர்வாலில் நிறுத்தி வைத்தேன். "யார் வேண்டுமானாலும் பிரவுசரில் திறக்கிற பக்கம்தானே சார், இதில் என்ன தப்பு?" என்று சாட்டில் கேட்டிருந்தீர்கள். நான் கோடு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இதே கேள்வியை அப்போதைய அட்மினிடம் கேட்டேன். "பாலிசி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த வாரமே அதே தப்பைப் பெரிய அளவில் செய்தேன். அதனால்தான் உங்களுக்குக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பாஸ்வேர்டை கோடில் வைக்காதே என்கிற மாதிரி பாடமெல்லாம் நடத்தப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

"என் லேப்டாப்பிலிருந்துதானே போகிறது?"

இல்லை. உங்கள் லேப்டாப்பின் ஐபி 10 என்றோ 192.168 என்றோ தொடங்குமே, அது இந்தச் சுவர்களுக்குள் மட்டும் செல்லுபடியாகிற முகவரி. வெளியே போகும்போது ஃபயர்வால் அதைக் கழற்றிவிட்டு ஆபீஸின் பொது ஐபியை மாட்டி அனுப்புகிறது. இந்த ஆபீஸில் இருப்பது ஒரே ஒரு பொது ஐபி. அக்கவுன்ட்ஸ் பிரிவு, விற்பனைப் பிரிவு, வரவேற்பறையில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கும் விருந்தினர், நீங்கள், நான் எல்லோரும் வெளியுலகத்துக்கு ஒரே ஆள்தான். நீங்கள் ஒரு நிமிடத்தில் ஆயிரம் பக்கம் கேட்டால், கேட்டது இந்த ஆபீஸ் என்றுதான் அங்கே லாகில் பதிவாகும்.

சரி, அந்தத் தளம் நம் ஐபியை அடைத்துவிட்டால் வேறு ஐபிக்கு மாறிக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்த ஐபியை மட்டும் உள்ளே விடு என்று சில வாடிக்கையாளர்கள் தங்கள் டெஸ்ட் சர்வர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் அனுப்பும் போர்ட்டலும் அப்படித்தான். ஐபியை மாற்றினால் ஒவ்வொருவருக்கும் மெயில் போட்டு, அவர்கள் ஒப்புதல் வாங்கி, திருத்தி முடிக்கும்வரை அந்த வேலைகள் எல்லாம் படுத்துவிடும்.

"வராதே" என்ற பதிலைக் கோளாறு என்று எண்ணி மறுபடியும் தட்டுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கிற தவறு. இத்தனை வருடமாகப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதைச் செய்வதைப் பார்த்துவிட்டேன், நேற்று உங்கள் கோடிலும் இருந்தது.

என் கதையையே சொல்கிறேன். பழைய வேலையில், ஒரு சப்ளையரின் தளத்திலிருந்து உதிரிபாக விலைகளை எடுக்கச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் 20 பக்கம் கேட்கிற மாதிரி பைத்தானில் 20 த்ரெட் வைத்து எழுதினேன். ஒரு பக்கம் வர சுமார் அரை வினாடி ஆகும், ஆக 20 த்ரெட்டுக்கு வினாடிக்கு 40 பக்கம். நடுவில் எங்காவது அறுந்தால் என்ன செய்வது என்று பெரிய புத்திசாலித்தனமாக இந்த வரியையும் சேர்த்தேன்:

```python
Retry(total=10, status_forcelist=[403, 429, 500, 502, 503])
```

வெள்ளிக்கிழமை மாலை ஓடவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இந்த வரியில் இரண்டு வினை இருக்கிறது. முதலாவது, சர்வர் பதிலோடு அனுப்பும் இந்த எண்களில் 403 என்பது கோளாறு இல்லை. 500 வகையறா அந்தப் பக்கத்து சர்வரின் தடுமாற்றம், சிறிது நேரம் கழித்துக் கேட்டால் சரியாகியிருக்கலாம். 429 என்றால் வேகமாகக் கேட்கிறாய், பொறு என்று பொருள், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதையும் பல சமயம் Retry-After என்ற ஹெடரில் சொல்லிவிடுவார்கள். 403 மட்டும் முடிவான மறுப்பு. அதைப் போய் மறுபடி கேட்க வேண்டிய பட்டியலில் வைத்திருந்தேன். இரண்டாவது, backoff_factor என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் நடுவே எவ்வளவு காத்திருப்பது என்று சொல்வது. எதுவும் கொடுக்காவிட்டால் அதன் மதிப்பு 0. அதாவது காத்திருப்பே கிடையாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தளம் முதலில் 429 சொன்னது, அதை என் ஸ்கிரிப்ட் ஓரளவு மதித்தது. அப்புறம் 403 சொல்ல ஆரம்பித்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு கோரிக்கை என்று இருந்தது, முதல் முயற்சியோடு பத்து மறுமுயற்சி சேர்ந்து 11 ஆனது. இதைவிட மோசமான விஷயம், அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை: மறுப்புப் பக்கம் மிகவும் இலேசானது. டேட்டாபேஸைத் தொடாமல், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரை வினாடி எடுத்த பதில் 50 மில்லி வினாடியில் வந்துவிடும். கணக்குப்படி வினாடிக்கு 40 ஆக இருந்தது 400 ஆகிறது. லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியதால் பாதிதான் போயிருக்கும் என்று வைத்தாலும் 200. வராதே என்று சொன்ன பிறகு ஐந்து மடங்கு வேகத்தில் கதவைத் தட்டியிருக்கிறது என் ஸ்கிரிப்ட், அதுவும் இரவு பகலாக. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் இதை விலை சேகரிப்பு என்றா நினைப்பார்? தாக்குதல் என்றுதான் நினைப்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை ஆர்டர் போடும் பிரிவிலிருந்து முதல் அழைப்பு: சப்ளையர் தளம் லாகின் பக்கத்தையே காட்டவில்லை. அவர்கள் தினமும் ஆர்டர் போடுவதே அந்தத் தளத்தில்தான். அடுத்து சம்பந்தமே இல்லாத வேறு தளங்களில் "நீங்கள் மனிதர்தானா" என்று படம் காட்டிக் கேட்க ஆரம்பித்தது. இது ஏன் என்றால், பல தளங்கள் ஒரே பாதுகாப்புச் சேவையின் பின்னால் நிற்கின்றன. ஓரிடத்தில் கெட்ட பெயர் வாங்கிய ஐபியை அந்தச் சேவை மற்ற இடங்களிலும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். மதியத்துக்குள் எங்கள் இணைய நிறுவனத்துக்குப் புகார் மெயில் போய், அவர்கள் அதை எங்கள் அட்மினுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஐபி தொகுதிக்கும் புகார் செய்ய ஒரு தொடர்பு முகவரி பொதுப் பதிவில் இருக்கும், அதைத் தேடி எடுப்பது ஒரு நிமிட வேலை.

என்னைக் கண்டுபிடிக்க அட்மினுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஃபயர்வாலின் இணைப்புப் பட்டியலை உள் ஐபி வாரியாக வரிசைப்படுத்தினார். மற்றவர்களுக்கு நூறு, இருநூறு வரி. எனக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நான் திறந்த இணைப்பையே மறுபடி பயன்படுத்தாமல் ஒவ்வொரு தடவையும் புது இணைப்பு திறந்திருந்தேன், மூடிய இணைப்பையும் அந்த ஃபயர்வால் ஒரு நிமிடம் போலப் பட்டியலில் வைத்திருக்கும். வினாடிக்கு 200 என்றால் ஒரு நிமிடத்துக்கு 12,000, சரியாகப் பொருந்துகிறது. நேற்று உங்களையும் இப்படித்தான் பார்த்தேன்.

தடை நீங்க ஒன்பது நாள் ஆனது. ஆர்டர் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் அதுவரை தன் சொந்த போனின் டேட்டாவில் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுப்பை மதிக்கிற கோடு பெரிதாக ஒன்றும் இல்லை:

```python
import time, requests

s = requests.Session()
s.headers["User-Agent"] = "price-check/1.0 (data-team@example.com)"

def fetch(url):
    for n in range(4):
        r = s.get(url, timeout=20)
        if r.status_code == 403:
            raise SystemExit("403: stop")
        if r.status_code not in (429, 503):
            time.sleep(2)
            return r
        w = r.headers.get("Retry-After", "")
        time.sleep(int(w) if w.isdigit() else 60 * 2 ** n)
    raise SystemExit("still refused")
```

Retry-After சில சமயம் வினாடியாக இல்லாமல் தேதியாக வரும், அப்போது இது தன் கணக்கிலேயே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இரட்டித்துக்கொண்டு காத்திருக்கும். இன்னொன்று, இது ஒரே த்ரெட்டுக்கான கோடு. இதை அப்படியே 20 த்ரெட்டில் போட்டால் SystemExit அந்த ஒரு த்ரெட்டைத்தான் நிறுத்தும், மீதி 19 தட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வினாடி விட்டு ஒரே த்ரெட்டில் போனாலும், பதில் வர அரை வினாடி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 30,000 பக்கத்துக்கு மேல் வரும். உங்களுக்குத் தேவை 6,000 பக்கம் என்று சொன்னீர்கள், அது ஐந்து மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. எதற்கு அந்த அவசரம்?

இரவில் ஓட்டினால் தெரியாது

லாகுக்குத் தூக்கம் கிடையாது.

User-Agent-ஐ பிரவுசர் போல மாற்றுவது

குரோம் என்று பெயர் போட்டுக்கொண்டு போகிறவர், படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் கேட்காமல் வெறும் பக்கங்களை மட்டும் வரிசையாகக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். அதோடு, உண்மையான பெயரும் ஒரு மெயில் முகவரியும் இருந்தால், தொந்தரவாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கேட்க அவர்களுக்கு வழி இருக்கும். அந்த வழியை நீங்களே அடைத்துவிட்டால் ஐபியை அடைப்பதைத் தவிர அவர்கள் என்னதான் செய்வார்கள்?

robots.txt பார்க்காமல் தொடங்குவது

ஸ்கிரிப்ட்கள் எந்தப் பக்கங்களை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தளம் எழுதி வைக்கிற கோப்பு அது. இரண்டு நிமிட வேலை. படியுங்கள்.

இலவச ப்ராக்ஸி, இலவச விபிஎன்

ஆபீஸ் லேப்டாப்பில் கூடவே கூடாது. சில இலவசச் சேவைகளில் நீங்கள் அடுத்தவர் இணைப்பைப் பயன்படுத்துவதற்கு விலை, யாரோ ஒருவர் உங்கள் இணைப்பைப் பயன்படுத்துவதுதான். அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பதிவாவது மட்டும் நம் ஐபி.

லாகின் செய்துகொண்டு எடுப்பது

கம்பெனி கணக்கில் நுழைந்து எடுத்தால் அது ஐபியோடு நிற்காது. கணக்கு போகும், ஒப்பந்தம் பேச்சுக்கு வரும். அது என் கையிலும் இல்லை, உங்கள் மேனேஜர் கையிலும் இல்லை.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, இந்த ஐபியிலிருந்து வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். ஆபீஸ் நெட்வொர்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சிறிய கிளவுட் மெஷின் தருகிறேன். அதிலிருந்து போகும் ஐபி அடைபட்டால் அந்த மெஷின் மட்டும்தான் அடைபடும். கிளவுட் ஐபி என்றாலே உள்ளே விடாத தளங்கள் உண்டு, இந்தத் தளமும் அப்படி இருந்தால் அதைச் சுற்றிப் போகும் வழி தேடாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மெயில் போட்டு, ஏபிஐ அல்லது விலைப் பட்டியல் கோப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். எனக்கு அந்தக் காலத்தில் ஒன்பது நாள் கழித்துத் தடையை நீக்கியவர் கூடவே ஒரு சிஎஸ்வி கோப்பையும் அனுப்பி, "இது வேண்டும் என்றால் கேட்டிருக்கலாமே" என்று எழுதியிருந்தார்.

எந்தத் தளம், எத்தனை பக்கம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மூன்று வரி எழுதி டிக்கெட் போடுங்கள். போட்ட அன்றே மெஷின் தயாராகிவிடும். ஃபயர்வாலில் போட்ட தடையை வெள்ளிக்கிழமை எடுக்கிறேன், அதற்குள் அந்த Retry வரியிலிருந்து 403-ஐ எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
சர்வர் ரூம் ஆள்