லென்ஸ் உருவாக்குபவரின் சமன்பாடு: ஐந்து மதிப்பெண் எங்கே கசிகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்து. எழுபது மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்றால், ஒரு ஐந்து மதிப்பெண் விடைக்கு ஏறக்குறைய 13 நிமிடம்தான் கிடைக்கும். அந்த 13 நிமிடத்துக்குள் எழுத வேண்டிய டெரிவேஷன்களில் லென்ஸ் உருவாக்குபவரின் சமன்பாடும் ஒன்று. கணக்கு என்று பார்த்தால் ஐந்தாறு வரிதான். இருந்தும் முழு மதிப்பெண் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு இல்லை, அதைச் சுற்றி எழுதாமல் விட்டவை.

முதலில் எடுகோள்கள். "லென்ஸ் மெல்லியது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அப்புறம் அதை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அந்த வரி எதற்கு? முதல் பரப்பு உருவாக்கும் பிம்பம் I′ இருக்கும் தொலைவு v′. இதை முதல் பரப்பிலிருந்து அளக்கிறோம். இரண்டாம் பரப்புக்குப் போகும்போது அதே v′-ஐயே பயன்படுத்துகிறோம். லென்ஸின் தடிமன் t என்றால், நியாயப்படி அங்கே v′ − t என்றுதான் எழுத வேண்டும். t-ஐ விட்டுவிட நமக்கு அனுமதி தருவது அந்த ஒரு வரிதான். ஆகவே அதைத் தொடக்கத்தில் எழுதுவதோடு நிறுத்தாமல், இரண்டாம் பரப்புக்கு வரும் இடத்தில் "லென்ஸ் மெல்லியது என்பதால் v′ மாறாது" என்று மறுபடி சொல்லுங்கள்.

இதே போல, கதிர்கள் முதன்மை அச்சை ஒட்டிச் சிறு கோணத்தில் செல்கின்றன என்பதால்தான் ஒற்றைக் கோளகப் பரப்பின் சமன்பாடு செல்லுபடியாகிறது. லென்ஸின் இரு பக்கமும் ஒரே ஊடகம் (ஒளிவிலகல் எண் n₁) என்பதும் ஓர் எடுகோள்தான். பலர் அதை எழுதுவதே இல்லை. ஆனால் கடைசி விடை இவ்வளவு எளிமையாக வருவது அதனால்தான்.

அடுத்தது படம். லென்ஸை நெல்லிக்காய் அளவுக்கு வரைந்தால் இரண்டு ஒளிவிலகலும் ஒரே புள்ளியில் நடப்பது போலத் தெரியும். மெல்லிய லென்ஸ் என்று எழுதிவிட்டுத் தடிமனாக வரையலாமா என்று தயங்க வேண்டாம். கதிர் இரு முறை வளைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆறு ஏழு செ.மீ. உயரத்துக்குப் பென்சிலில் வரையுங்கள். பொருள் O-விலிருந்து வரும் கதிருக்கு அம்புக்குறி போடுங்கள். முதல் பரப்பில் வளைந்த கதிரை லென்ஸைத் தாண்டிப் புள்ளிக்கோடாக நீட்டினால் அது போய்ச் சேரும் இடம் I′. ஆனால் கதிர் உண்மையில் அங்கே போவதில்லை, இரண்டாம் பரப்பில் மறுபடி வளைந்து இறுதிப் பிம்பம் I-க்குப் போகிறது.

இங்கே I′, I இரண்டையும் இடம் மாற்றி வரைவது சர்வ சாதாரணம். எது தூரத்தில் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஒளிவிலகல் எண் 1.5, இரு பக்கமும் வளைவு ஆரம் 20 செ.மீ. உள்ள இருபுறக் குவிலென்ஸ் காற்றில் இருக்கிறது, பொருள் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். முதல் பரப்பு மட்டும் இருந்தால் பிம்பம் 180 செ.மீ. தொலைவில் விழும். இரண்டாம் பரப்பும் சேர்ந்தபின் அது 30 செ.மீ.க்கு வந்துவிடும். இரண்டாம் பரப்பும் கதிரைக் குவிக்கத்தான் செய்கிறது. அதனால் I′ லென்ஸின் வலப்பக்கம் விழும் இந்தப் படத்தில், I அதைவிட லென்ஸுக்கு அருகில்தான் வரும்.

வளைவு மையங்களிலும் இதே குழப்பம். இடப்பக்கப் பரப்பின் மையம் C₁, லென்ஸின் வலப்பக்கத்தில் இருக்கும். C₂ இடப்பக்கத்தில். மாற்றிக் குறித்தால் குறியீடு எல்லாம் தலைகீழாகிவிடும்.

இனி படிகள். ஒற்றைக் கோளகப் பரப்பின் சமன்பாட்டைக் கோணங்களிலிருந்து தொடங்கி முழுதாகத் தருவித்து, அதிலேயே பாதி நேரத்தைச் செலவழிப்பவர்கள் உண்டு. கேள்வி அதைக் கேட்கவில்லை என்றால், "ஒற்றைக் கோளகப் பரப்பில் ஒளிவிலகலுக்கான சமன்பாடு" என்று பெயர் சொல்லி எடுத்து எழுதினால் போதும்.

முதல் பரப்பு, ஒளி n₁-லிருந்து லென்ஸின் ஒளிவிலகல் எண் n₂-க்கு:

n₂/v′ − n₁/u = (n₂ − n₁)/R₁ … (1)

இரண்டாம் பரப்பு, ஒளி n₂-லிருந்து n₁-க்கு, I′ இப்போது மாயப் பொருள்:

n₁/v − n₂/v′ = (n₁ − n₂)/R₂ … (2)

தவறு நடப்பது (2)-இல். முதல் சமன்பாட்டை அப்படியே காப்பியடித்து n₂/v − n₁/v′ என்று எழுதிவிடுகிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் எளிது: (1)-ஐயும் (2)-ஐயும் கூட்டும்போது v′ உள்ள உறுப்புகள் அடிபட வேண்டும். அடிபடவில்லை என்றால் (2) தவறு. அந்த நேரத்தில் அடுத்த வரியில் சரியான விடையைத் திணித்துச் சமாளிப்பது வீண் வேலை. திருத்துகிறவர் விடைக்குறிப்போடு படிப்படியாகப் பார்த்துக்கொண்டு வருவார், ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று உடனே தெரிந்துவிடும். (2)-ஐ ஒரே கோட்டில் அடித்துவிட்டுச் சரியாக எழுதுவதுதான் மேல்.

கூட்டினால்:

n₁(1/v − 1/u) = (n₂ − n₁)(1/R₁ − 1/R₂)

குறியீடு பற்றி ஒன்று. தருவிக்கும்போது R₂-க்குப் பதிலாக −R₂ என்று போடவே கூடாது. "R₂ எதிர்க்குறி" என்று இடையில் நினைவு வந்து (1/R₁ + 1/R₂) என்று மாற்றிவிட்டு, பிறகு கணக்கில் R₂ = −20 என்று போட்டால் குறி இரண்டு முறை வந்துவிடும். மேலே சொன்ன லென்ஸுக்கே 1/f = 0.5 × (1/20 − 1/20) = 0 என்று வரும். குவிலென்ஸ் எதையும் குவிக்கவில்லை என்று அர்த்தம்! சரியான முறையில் எண்களைப் போடும்போது மட்டும் R₁ = +20, R₂ = −20 என்று எடுத்தால் f = 20 செ.மீ.

கடைசி விடை இருக்கிறதே, அதற்குப் போகாமலே நின்றுவிடுகிற விடைத்தாள்களும் உண்டு. 1/v − 1/u வந்ததும் அடிக்கோடு போட்டுவிடுகிறார்கள். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி: பொருள் முடிவிலாத் தொலைவில் இருந்தால் பிம்பம் குவியத்தில் விழும், அதாவது u = ∞ எனில் v = f. அதைப் பிரதியிட்டால்:

1/f = (n₂/n₁ − 1)(1/R₁ − 1/R₂)

இதைக் கட்டம் போட்டுக் காட்டுங்கள். அதன் கீழே, லென்ஸ் காற்றில் இருந்தால் n₁ = 1, n₂ = n என்று எழுதி (n − 1) வடிவத்தையும் கொடுங்கள். நேராக (n − 1)-க்குத் தாவ வேண்டாம். அதே லென்ஸை நீரில் வைத்தால் என்ன ஆகும் என்று கேள்வியின் இரண்டாம் பகுதி வந்தால், பொது வடிவம்தான் கைகொடுக்கும். நீருக்கு 4/3 எடுத்தால் n₂/n₁ = 1.125, அப்போது காற்றில் 20 செ.மீ. ஆக இருந்த குவியத்தொலைவு 80 செ.மீ. ஆகிவிடும்.