சர்வோ மோட்டார் ரீங்காரமிட்டால்: நாட்ச் ஃபில்டர் வைக்கும் முறை

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பை போடும் மெஷினில் ஃபிலிம் இழுக்கும் ரோலரை சர்வோ மோட்டார் சுழற்றுகிறது. பை நீளம் கூடிக் குறைகிறதே என்று, வேகப் பிழையை டிரைவ் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் ஸ்பீடு கெயினை ஏற்றினால் மோட்டார் ‘ஙொய்ங்’ என்று கத்துகிறது. நடுவே இருக்கும் ரப்பர் ஸ்பைடர் கப்ளிங் ஸ்பிரிங் போல முறுகி விரிவதுதான் காரணம். மோட்டாரும் ரோலரும் அதன் இரு பக்கமும் எதிரெதிராக ஆடுகின்றன.

முதலில், இந்தச் சத்தம் அப்படி ஆடும் ஒத்ததிர்வுதானா? வேகத்தை மாற்றிப் பாருங்கள். சத்தத்தின் சுருதி வேகத்தோடு சேர்ந்து ஏறினால் அலைன்மென்ட்டையோ பேரிங்கையோ பாருங்கள். சுருதி மாறாமல் நின்று, கெயினைக் குறைத்ததும் அடங்கினால் ஒத்ததிர்வு. கப்ளிங் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் முதலில் அதை முறுக்குங்கள். அந்த ஆட்டத்தை எந்த ஃபில்டராலும் சரிசெய்ய முடியாது.

அடுத்து, அதிர்வெண். டிரைவ் மென்பொருளில் டார்க் அலையைப் பதிவு செய்யுங்கள். கத்த ஆரம்பிக்கும் அளவுக்கு மட்டும், கொஞ்ச நேரம் கெயினை ஏற்றினால் போதும். 40 மில்லிசெகண்டில் 10 அலை வந்தால் 250 ஹெர்ட்ஸ். கணக்கிலும் சரிபார்க்கலாம்:

```
f = (1/2π)·√(K·(1/Jm + 1/JL))
K  = 120 N·m/rad
Jm = 0.00006 kg·m²
JL = 0.0003 kg·m²
f ≈ 247 Hz
```

K கப்ளிங்கின் முறுக்கு விறைப்பு, Jm மோட்டாரின் நிலைமம், JL ரோலரின் நிலைமம். கணக்கும் அளவும் முரண்பட்டால் அளந்ததையே நம்புங்கள்.

இனி ஃபில்டர். நாட்ச் ஃபில்டர் ஓர் அதிர்வெண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் அடக்கும். டார்க் கட்டளையின் வழியில் இருக்கும் அதில் 250 ஹெர்ட்ஸ் கொடுங்கள். ஆழம் 20 டெசிபல், அதாவது அந்த அதிர்வெண்ணில் பத்தில் ஒரு பங்கு டார்க்தான் போகும். அகலத்தில்தான் நிதானம் வேண்டும். ஃபில்டர் தனக்குக் கீழே உள்ள அதிர்வெண்களைத் தாமதப்படுத்தும். வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஸ்பீடு லூப் 60 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது என்றால், நடுத்தர அகலத்தில் அங்கே சுமார் 13 டிகிரி பின்தங்கும். அகலத்தை இரட்டித்தால் சுமார் 24 டிகிரி. பயந்து அகலமாக வைத்தால் ரீங்காரம் போய், ரோலர் நிற்கும்போது மெதுவான ஆட்டம் வந்துவிடும். குறுகலில் ஆரம்பித்துத் தேவைக்கு ஏற்றுங்கள்.

அப்புறம் கெயினைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் டார்க் அலையைப் பாருங்கள்.

ஆனால் ரொம்பக் குறுகலும் கூடாது. சூட்டில் ஸ்பைடர் இளகும். காலையில் குளிர்ந்த மெஷினில் செட் செய்தது சித்திரை வெயிலில் மதியம் தவறிப்போகலாம். விறைப்பு 20 சதவீதம் குறைந்தால் 247 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 221-க்கு இறங்கும். அதனால் மெஷின் நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொரு முறை அளந்து, இரண்டு அளவும் அடங்குகிற அகலம் வையுங்கள். ஸ்பைடரை மாற்றினாலும் திரும்ப அளக்க வேண்டும்.

ஒத்ததிர்வே 80, 90 ஹெர்ட்ஸில் வந்தால், 60 ஹெர்ட்ஸ் லூப்புக்கு நாட்ச் உதவாது, தாமதம் தாங்காது. அங்கே விறைப்பான டிஸ்க் கப்ளிங் போடுவதுதான் வழி.