கல்யாண ஸ்டூடியோ தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கல்யாண ஸ்டூடியோ தொடங்குபவர்கள் பலரும் ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டூடியோவின் பேக்கேஜை விசாரித்து, அதில் பத்தாயிரம் குறைத்துத் தங்கள் ரேட்டைச் சொல்கிறார்கள். முதல் சீசனிலேயே கையைக் கடிப்பது இதுதான். அந்த ஸ்டூடியோக்காரரிடம் சம்பளத்துக்கு எடிட்டர் இருக்கலாம், லென்ஸ்கள் கடன் அடைத்து முடிந்தவையாக இருக்கலாம். உங்கள் செலவு வேறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். டிரெடிஷனல் போட்டோ, டிரெடிஷனல் வீடியோ, கேண்டிட், சினிமாட்டிக் என்று நான்கு பேர், இரண்டு ஆல்பம், எல்லாம் சேர்த்து ₹90,000 என்று பேசிவிட்டீர்கள். கேண்டிட் நீங்களே எடுக்கிறீர்கள். மற்ற மூவருக்கும் இரண்டு வேளைக்கும் சேர்த்து 36,000. முப்பது ஷீட் ஆல்பம் இரண்டு, டிசைனோடு 21,000. வீடியோ எடிட்டிங் 15,000. வண்டி, சாப்பாடு, வாடகை லென்ஸ், பென்டிரைவ் எல்லாம் 9,000. கையில் நிற்பது ஒன்பதாயிரம். ஊருக்கு ஊர் தொகை மாறும், செலவுத் தலைப்புகள் மாறாது.

அந்த ஒன்பதாயிரத்துக்குள்தான் நீங்கள் இரண்டு வேளை எடுத்த கேண்டிட், ஆயிரக்கணக்கான படங்களைப் பிரித்து கலர் சரிசெய்யும் நாட்கள், கேமராத் தேய்மானம் எல்லாம் அடங்க வேண்டும். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார், "எங்க ஆல்பத்துல எங்க சொந்தக்காரங்க படம் அதிகமா வேணும் தம்பி" என்பார்கள். நீங்கள் ஒரே டிசைனில் இரண்டு பிரதி என்று நினைத்திருப்பீர்கள், அவர்கள் இரண்டு தனி ஆல்பம் என்று நினைத்திருப்பார்கள். கொட்டேஷனில் "இரண்டு ஆல்பம், ஒரே டிசைன், தனி டிசைன் என்றால் கூடுதல் இவ்வளவு" என்று ஒரு வரி இருந்தால் பேச்சே வராது. கூடுதல் ஷீட்டுக்கும் இதே போல விலை போட்டுவிடுங்கள்.

அடுத்தது, பெரிய தொகையை ஆல்பம் கொடுக்கும் நாள் வரை பாக்கி வைப்பது. ஆல்பம் தாமதமாவதற்கு முக்கியக் காரணம் படத் தேர்வு. முப்பது ஷீட்டுக்கு நூற்றைம்பது படம் போதும். ஆனால் இரண்டாயிரம் படத்திலிருந்து அதைத் தேர்ந்தெடுக்க இரண்டு குடும்பமும் உட்கார வேண்டும். பெண் வேறு ஊருக்குப் போயிருப்பாள், அத்தை படம் விட்டுப்போனது என்று மறுபடி ஆரம்பிப்பார்கள். மாதங்கள் ஓடும், உங்கள் முப்பதாயிரம் அங்கேயே நிற்கும். புக்கிங்கில் 30 சதவீதம், ரிசப்ஷன் மாலைக்குள் 60, ஆல்பத்தின்போது 10 என்று பிரித்தால், உடன் வந்தவர்களுக்குக் கைக்காசு போட்டுக் கொடுக்கும் நிலை வராது.

டெலிவரி நாளையும் அந்தத் தேர்விலிருந்தே எண்ண வேண்டும். "கல்யாணம் முடிந்து 45 நாளில் ஆல்பம்" என்று எழுதாதீர்கள். "படத் தேர்வு கையில் கிடைத்த நாளிலிருந்து 45 நாள், டிசைனில் ஒரு முறை திருத்தம்" என்று எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே 45 நாளும் ஒத்துவராது. ஆவணியில் ஆறு கல்யாணம் பிடித்து, ஒன்றுக்கு எடிட்டர் ஆறு நாள் எடுத்தால், கடைசி கல்யாணத்தின் முறை வரவே முப்பது வேலை நாள் போய்விடும். அவர்களிடம் பேசும்போதே 75 நாள் என்று சொல்வதுதான் நியாயம். மூன்று நாளுக்குள் இருபது முப்பது நல்ல படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், "எப்போ தருவீங்க" என்ற போன் பெருமளவு குறையும்.

கேமரா விஷயத்தில் ஒரு தவறு மட்டும் திருத்தவே முடியாதது: ஒரே கார்டு ஸ்லாட் உள்ள கேமராவில் முகூர்த்தம் எடுப்பது. அந்த ஒரு கார்டு பழுதானால் படங்கள் போய்விடும், தாலி கட்டுவது இன்னொரு முறை நடக்காது. டிரோனுக்கும் கிம்பலுக்கும் இஎம்ஐ கட்டுவதற்கு முன், இரண்டு ஸ்லாட் உள்ள கேமரா இரண்டு வாங்குங்கள். மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். எல்இடி திரைக்கு முன்னால் சைலன்ட் ஷட்டரில் எடுத்தால் படத்தில் கோடு விழும், மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். வீடியோவை 25 பிரேம், 1/50 ஷட்டரில் வைத்தால் மண்டப டியூப்லைட் பெரும்பாலும் மினுக்காது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிளம்பும் முன் நான்கு கேமராவிலும் நேரத்தை ஒன்றாக்குங்கள். இல்லாவிட்டால் படங்களை நேரப்படி அடுக்கும்போது ஊஞ்சலுக்கு நடுவே தாலி வந்து நிற்கும், பிரிப்பதற்கே ஒரு நாள் போகும். கார்டை ஃபார்மட் செய்வது, இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான்.