வேரியபிள் பே கணக்கு: ரேட்டிங் நல்லா வந்தும் டார்கெட் தொகை ஏன் முழுசா வரலை? நாமே போட்டுப் பார்க்கலாம்

ஆஃபர் லெட்டர்ல வேரியபிள் பே 15%னு போட்டிருக்கும். நாமளும் சம்பளத்தை 15 சதவீதத்தால பெருக்கி ஒரு தொகையை மனசுல வெச்சிருப்போம். ரேட்டிங்கும் நல்லா வந்துட்டா அதுக்கு மேலயே வரும்னு கணக்கு போட்டு, கடைசியில லெட்டரைத் திறந்தா அதுல முக்கால்வாசி கூட இருக்காது. நானும் முதல் வருஷம் இப்படித்தான் ஏமாந்து நின்னேன், அப்புறம் சம்பளக் கணக்கு பார்க்குற டீம்லயே சில வருஷம் வேலை பார்த்ததுல இந்த ஃபார்முலா உள்ள எப்படி ஓடுதுன்னு புரிஞ்சது. ஒரே ஒரு ஆளோட கணக்கை எடுத்து முதல்ல இருந்து கடைசி வரை போட்டுக் காட்டுறேன். கரன்சி போடலை, உங்களுக்கு எது பழக்கமோ அதை வெச்சுக்கோங்க.

நிறைய கம்பெனில ஃபார்முலா கிட்டத்தட்ட இதுதான்:

தகுதிச் சம்பளம் × டார்கெட் சதவீதம் × கம்பெனி மல்டிப்ளையர் × தனிநபர் மல்டிப்ளையர்

நாலு நம்பர், மூணு பெருக்கல், அவ்ளோதான். ஆனா ஒவ்வொரு நம்பருக்குள்ளயும் ஒரு சின்ன பள்ளம் இருக்கு.

ஸ்டெப் 1: எந்த சம்பளத்துல இருந்து ஆரம்பிக்கிறாங்க

நம்ம ஆளோட இப்போதைய வருஷ சம்பளம் 12,00,000, டார்கெட் 15%. அவர் மனசுல இருக்குற தொகை 1,80,000. ஆனா அவருக்கு வருஷத்தோட நாலாவது மாசத்துலதான் ஹைக் வந்தது, முதல் மூணு மாசம் 10,00,000 சம்பளத்துலதான் இருந்தார். பல கம்பெனில கடைசி மாச சம்பளத்தை எடுக்க மாட்டாங்க, அந்த வருஷம் நிஜமா சம்பாதிச்ச பேஸ் சம்பளத்தைத்தான் எடுப்பாங்க. அதாவது மூணு மாசத்துக்கு 2,50,000, மீதி ஒன்பது மாசத்துக்கு 9,00,000, ரெண்டும் சேர்ந்து 11,50,000, இதுதான் தகுதிச் சம்பளம். அதுல 15% போட்டா 1,72,500. ஆக யாரும் எந்த மார்க்கும் போடுறதுக்கு முன்னாடியே 7,500 காணாம போச்சு.

நடு வருஷத்துல சேர்ந்தவங்க, சம்பளமில்லா லீவ்ல போனவங்க, டார்கெட் சதவீதமே மாறுற மாதிரி ப்ரமோஷன் வாங்கினவங்க எல்லாருக்கும் இதே கதைதான், அந்தந்த காலத்துக்கு தனித்தனியா போட்டுக் கூட்டணும். இன்னொன்னு, அலவன்ஸ் எல்லாம் சேர்த்த மொத்த சம்பளத்துல போடுறாங்களா பேஸ்ல மட்டும் போடுறாங்களான்னு பாலிசியில ஒரு வரி இருக்கும், அதை முதல்ல படிச்சிடுங்க.

ஸ்டெப் 2: கம்பெனி மல்டிப்ளையர் (இங்கதான் பெரிய ஓட்டை)

வருஷக் கடைசி மீட்டிங்ல மேடையில நின்னு "டார்கெட்ல 94% அடிச்சிட்டோம்"னு சொல்லுவாங்க. கேக்குற எல்லாரும் சரி நமக்கு 94% வரும்னு நினைச்சுக்குவாங்க. வராது. ஏன்னா எவ்வளவு அடிச்சோம்ங்கிறது வேற, அதுக்கு எவ்வளவு கொடுக்கணும்ங்கிறது வேற, ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேஅவுட் கர்வ் உக்காந்திருக்கு.

நம்ம உதாரணத்துல ரெண்டு அளவுகோல், வருமானத்துக்கு 60% வெயிட்டேஜ், லாபத்துக்கு 40%. கர்வ் இப்படி: டார்கெட்ல 90% தொட்டாதான் கதவே திறக்கும், அப்போ 50% கொடுப்பாங்க, 100% தொட்டா 100%, 110%க்கு 150%, அதுக்கு மேல எவ்வளவு அடிச்சாலும் 150தான். நடுவுல இருக்குறதெல்லாம் நேர்கோடு. கவனிச்சுப் பாருங்க, 90ல இருந்து 100 வரை பத்து புள்ளி ஏறினா பேஅவுட் அம்பது புள்ளி ஏறுது, அப்போ டார்கெட்டுக்கு கீழ ஒவ்வொரு ஒரு சதவீதம் குறையும்போதும் பேஅவுட் அஞ்சு சதவீதம் இறங்கும். இந்த நம்பர்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஆனா இப்படி செங்குத்தா இருக்குறது ரொம்ப சகஜம்.

வருமான டார்கெட் 500, வந்தது 485, அதாவது 97%. பேஅவுட் 85%. லாப டார்கெட் 80, வந்தது 72, அதாவது 90%. பேஅவுட் 50%. வெயிட்டேஜ் போட்டா 0.6 × 85 + 0.4 × 50 = 51 + 20 = 71. கம்பெனி மல்டிப்ளையர் 0.71.

மேடையில சொன்ன 94 எங்க இருந்து வந்ததுன்னா, 97யும் 90யும் அதே வெயிட்டேஜ்ல கூட்டினா 94.2 வரும். அவங்க பொய் சொல்லலை, கர்வுக்கு முன்னாடி இருக்குற நம்பரைச் சொன்னாங்க. நாம கர்வுக்கு பின்னாடி இருக்குற நம்பர்னு நினைச்சுக்கிட்டோம்.

இதுல இன்னொரு பயங்கரம், லாபம் 72க்கு பதிலா 71.9 வந்திருந்தா 90%க்கு கீழ போயிடும், லாபப் பகுதிக்கு பூஜ்யம், மல்டிப்ளையர் 0.51. ஒரு துளி வித்தியாசத்துல இருபது புள்ளி போயிடும். அதனாலதான் கடைசி மூணு மாசத்துல எந்த செலவை லாபக் கணக்குல இருந்து விலக்கலாம்னு மேல அவ்வளவு பேச்சு நடக்கும். பாலிசியில "சரிக்கட்டப்பட்ட லாபம்"ங்கிற மாதிரி ஏதாவது வார்த்தை இருந்தா, செய்தியில வர்ற லாபத்தை வெச்சு நீங்க போடுற கணக்கு பொருந்தாமப் போகலாம்.

ஸ்ப்ரெட்ஷீட்ல போடணும்னா, A2ல எத்தனை சதவீதம் அடிச்சாங்கன்னு போட்டுட்டு:

```
=IF(A2<90%,0,MIN(150%,50%+(A2-90%)*5))
```

97% போட்டா 85% வரணும். வரலைன்னா செல்லுல 97னு போட்டிருப்பீங்க, சதவீதக் குறி விட்டுப்போயிருக்கும்.

ஸ்டெப் 3: உங்க ரேட்டிங்

இது சுலபம். அஞ்சுக்கு நாலு ரேட்டிங், அதுக்கு பாலிசியில 1.2னு போட்டிருக்கு. இதுவரைக்கும் கணக்கு:

11,50,000 × 15% × 0.71 × 1.2 = 1,46,970

அவர் எதிர்பார்த்தது 1,80,000 × 1.2 = 2,16,000. இப்பவே கிட்டத்தட்ட 69,000 வித்தியாசம். பெருக்கல் ஃபார்முலாவோட குணமே இதுதான், உங்க 1.2ங்கிறது டார்கெட் மேல உக்காராது, ஏற்கனவே 0.71ஆ சுருங்கின தொகை மேலதான் உக்காரும்.

சில கம்பெனில பெருக்காம கூட்டுவாங்க, கம்பெனிக்கு 70%, தனிநபருக்கு 30%னு. நம்ம ஆளுக்கு அப்படிப் போட்டா 0.7 × 0.71 + 0.3 × 1.2 = 0.857. பெருக்கினா 0.852. ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா ஓரத்துக்குப் போனா வேற மாதிரி ஆகும். கம்பெனி மல்டிப்ளையர் பூஜ்யமானா பெருக்கல்ல மொத்தமும் பூஜ்யம், கூட்டல்ல 0.36 கையில நிக்கும். அதனால உங்களோடது எந்த வகைன்னு தெரிஞ்சுக்கிறது மோசமான வருஷத்துலதான் உதவும்.

ஸ்டெப் 4: லெட்டர்ல யாரும் எழுதாத வகுத்தல்

இவ்வளவும் சரியா போட்டும் நம்ம ஆளுக்கு வந்தது 1,30,062. 16,908 எங்க போச்சு?

கம்பெனி ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு பானை வைக்கும். எல்லாரோட டார்கெட்டையும் கூட்டி 0.71ஆல பெருக்கின தொகைதான் அந்தப் பானை, அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. டீம்ல பத்து பேர், எல்லாருக்கும் ஒரே டார்கெட்னு வெச்சுக்குவோம். ஒருத்தருக்கு 1.5, நாலு பேருக்கு 1.2, அஞ்சு பேருக்கு 1.0. கூட்டினா 1.5 + 4.8 + 5 = 11.3. ஆனா பானையில இருக்குறது பத்து பேருக்கான பங்கு. மேனேஜர் தாராளமா ரேட்டிங் போட்டுட்டார், யாருக்கும் 1.0க்கு கீழ போட மனசு வரலை. அப்போ சரிக்கட்ட ஒரே வழி, எல்லாரோடதையும் 1.13ஆல வகுக்கிறது. 1.2 வாங்கினவருக்கு நிஜத்துல 1.06, எதிர்பார்த்த அளவு செஞ்சார்னு 1.0 வாங்கினவருக்கு 0.885.

எல்லா இடத்துலயும் இந்த வகுத்தல் இருக்காது. சில இடத்துல இதைத் தவிர்க்கத்தான் ரேட்டிங்கையே முன்கூட்டி பெல் கர்வ்ல அடைச்சிடுவாங்க, வலி ஒண்ணுதான், முன்னாடி வலிக்குதா பின்னாடி வலிக்குதாங்கிறதுதான் வித்தியாசம். என்னைக் கேட்டா பெல் கர்வை விட இந்த வகுத்தல் பரவாயில்லை, ஆனா அதை வெளிப்படையா சொல்லணும், சொல்றதில்லைங்கிறதுதான் கடுப்பு.

ஸ்டெப் 5: பின்னாடி இருந்து போட்டுக் கண்டுபிடிக்கிறது

உங்களுக்கு வகுத்தல் நடந்துச்சான்னு யாரையும் கேக்காமலே பார்க்கலாம். வந்த தொகையை (வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி உள்ளது, பேங்க்ல விழுந்தது இல்ல) எடுத்து, தெரிஞ்சதையெல்லாம் வகுத்துக்கிட்டே வாங்க. B1ல வந்த தொகை, B2ல தகுதிச் சம்பளம், B3ல டார்கெட் சதவீதம், B4ல கம்பெனி மல்டிப்ளையர்:

```
=B1/(B2*B3*B4)
```

நம்ம ஆளுக்கு 1,30,062 / (11,50,000 × 15% × 0.71) = 1.062. ரேட்டிங்குக்கு 1.2னு சொல்லிட்டு 1.062 வந்தா, ஒண்ணு பானை வகுத்தல், இல்லைன்னா தகுதிச் சம்பளத்தை நீங்க தப்பா எடுத்திருக்கீங்க. எதுன்னு பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு, பழைய சம்பளம், புது சம்பளம், லீவ் நாள் கழிச்ச சம்பளம்னு B2ஐ மாத்தி மாத்திப் போடுங்க, ஏதாவது ஒண்ணுல விடை சரியா 1.2ல வந்து நின்னா அதுதான் காரணம். எதுலயும் நிக்காம 1.062 மாதிரி முரட்டு தசமமாவே வந்தா பெரும்பாலும் வகுத்தல்தான். அதே ரேட்டிங் வாங்கின பக்கத்து சீட்காரருக்கும் அதே தசமம் வந்தா சந்தேகமே வேண்டாம்.

விடை 0.5, 0.6னு ரொம்பக் கீழ வந்தா பதறாதீங்க, காலாண்டுக்கு ஒருதரம் அட்வான்ஸா கொடுத்த பகுதியைக் கழிச்சிருக்காங்களான்னு பழைய பேஸ்லிப்பைப் பாருங்க, அதையும் B1ல கூட்டிட்டு மறுபடி போடுங்க.

ஹெச்.ஆருக்கு மெயில் போடும்போது "ஏன் கம்மியா வந்துச்சு"ன்னு கேட்டா பாலிசி லிங்க் மட்டும்தான் திரும்பி வரும். "தகுதிச் சம்பளம் எவ்வளவு எடுத்தீங்க, கம்பெனி மல்டிப்ளையர் எவ்வளவு, பானைக்கு சரிக்கட்டின ஃபேக்டர் எவ்வளவு"ன்னு மூணு நம்பரைக் கேளுங்க. நான் அந்த சீட்ல இருந்தப்போ இப்படிக் கேட்டு வந்த மெயிலுக்குத்தான் ஷீட்டைத் திறந்து பார்த்து பதில் போட்டேன், அதுல ரெண்டு தடவை ஹைக் தேதியை நாங்களே தப்பா ஏத்தியிருந்தது வெளியே வந்தது.