குப்பை ஷூட்ல மருந்தடிச்சா கரப்பான் ஏன் வீட்டுக்குள்ள வருது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ல பழைய எச்டிபி வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், அடுப்படி சுவத்துலயே ஒரு இரும்புக் கதவு இருக்கும், அதைத் திறந்து குப்பையப் போட்டா ஷூட்னு சொல்ற பெரிய குழாய் வழியா நேரா கீழ குப்பைத் தொட்டி வெச்சிருக்கற ரூமுக்கு, அதாவது பின் சேம்பருக்குப் போயிடும். 1989லருந்து கட்டுன புளோக்குகள்ல இத வீட்டுக்கு வெளிய கொண்டு போயிட்டாங்க, மாடிக்குப் பொதுவா ஒண்ணு. பழைய வகையில வசதி ஜாஸ்திதான், ஆனா ஷூட்டுக்குள்ள இருக்கற பூச்சிக்கும் நம்ம அடுப்புக்கும் நடுவுல ஒரே ஒரு கதவுதான். அதனால தப்பு செஞ்சா உடனே வீட்ல தெரிஞ்சிடும்.

எல்லாரும் செய்யற தப்பு, கரப்பான் வந்த உடனே புகை மருந்து அடிக்கச் சொல்றது. ஷூட்ல இருக்கறது பெரும்பாலும் செம்பழுப்பு கலர்ல பெருசா, சில நேரம் பறந்து வந்து பயமுறுத்துமே அந்த ஜாதி, அமெரிக்கன் கரப்பான்னு சொல்வாங்க. அதுக்குச் சாப்பாடு ஷூட்டோட உள்சுவர்ல படிஞ்சிருக்கற எண்ணெய்ப் பிசுக்கு, அதுல ஒட்டுன சோறு, மீன் தண்ணி இதெல்லாம்தான். கீழருந்து புகை அடிச்சா மருந்து பட்ட உடனே அது செத்து விழாது, முதல்ல எரிச்சல் தாங்காம ஓடும், ஓடறதுக்குப் பக்கத்துல இருக்கற வழி எது, உங்க வீட்டுக் கதவோட ஓரம். மருந்தடிச்ச ராத்திரிதான் நாலு கரப்பான் சிங்க்கு கிட்ட நிக்கும், நாம மருந்து வேலை செய்யலன்னு கம்ப்ளெயின்ட் பண்ணுவோம். மருந்து வேலை செஞ்சுது, அதான் வந்துச்சு.

இன்னொண்ணு, முட்டைக் கூடு. இந்த ஜாதி ஒரு கூட்ல சுமார் 15 முட்டை வெச்சு, பிசுக்கு உள்ள இடமா பாத்து ஒட்டிட்டுப் போயிடும். அதுக்குள்ள மருந்து இறங்காது, ஒரு மாசத்துக்கு மேல கழிச்சு குஞ்சு வெளிய வரும், அப்ப மருந்தோட வேகம் போயிருக்கும். ஒரு தடவை அடிச்சுட்டு பில்லக் கட்டி முடிச்சுட்டா ரெண்டு மாசத்துல பழைய நிலைமைதான்.

சரியான வரிசை இதுக்கு நேர் எதிர். முதல்ல ஷூட்ட கழுவணும், காயவிடணும், ஓட்டைய அடைக்கணும், மருந்து கடைசி. பிசுக்கு மேல அடிச்ச மருந்து சுவர்ல நிக்காது, மருந்தடிச்ச மறுநாள் பைப்ப வெச்சுக் கழுவுனா போட்ட காசு டிரெய்ன்ல போகும் (இத செய்யற புளோக் நிறைய, ஏன்னா கழுவற ஆள் வேற காண்ட்ராக்ட், மருந்து ஆள் வேற காண்ட்ராக்ட், ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல). கடைசில வைக்கிற மருந்தும் ஜெல் பெய்ட்டா இருந்தா நல்லது, கதவுச் சட்டத்து மூலையில சின்னச் சின்ன புள்ளியா வெச்சா அது வந்து தின்னுட்டுப் போய் சாகும். ஜெல் வெச்ச இடத்துல ஸ்ப்ரே மட்டும் அடிச்சுடாதீங்க, அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது.

இப்ப ஒரு 12 மாடி புளோக்க எடுத்துக்குங்க, 10, 11, 12ல இருக்கறவங்க மட்டும் நாத்தம், கரப்பான்னு சொல்றாங்க, 3வது மாடியில ஒண்ணும் இல்லங்கறாங்க. இத கேட்ட உடனே நிறைய பேர் 12வது மாடிக்குப் போய் கதவப் பாப்பாங்க. நான் முதல்ல மொட்டை மாடிக்குப் போகச் சொல்லுவேன். ஷூட்டுக்கு மேல ஒரு வென்ட் இருக்கும், உள்ள அழுகற குப்பைச் சூட்டுல காத்து மேல எழும்பி அது வழியா வெளிய போகணும். அந்த வென்ட்டோட வலையில தூசியும் இறகும் அடைஞ்சு போயிருந்தாலோ, யாராவது மழைத் தண்ணி வருதுன்னு தகரம் வெச்சு மூடியிருந்தாலோ, அந்தக் காத்து மேல் மாடிக் கதவு ஓரம் வழியா வீட்டுக்குள்ள வரும், அதனாலதான் கீழ இருக்கறவனுக்குத் தெரியல. வலைய கழட்டிக் கழுவி மாட்டுனாலே பாதி கம்ப்ளெயின்ட் போயிடும். வலை வேண்டாம்னு எடுத்துடவும் கூடாது, எலியும் பறவையும் இறங்கும்.

அடுத்துதான் கதவு. ஒரு பேப்பர் துண்ட கதவுக்கு நடுவுல வெச்சு மூடி இழுத்துப் பாருங்க, இழுவை இல்லாம வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல ரப்பர் செத்துப் போச்சுன்னு அர்த்தம். நாலு பக்கமும் பாக்கணும், பெரும்பாலும் கீல் பக்கம்தான் முதல்ல போகும். ரப்பர மாத்துங்க, சட்டத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவுல விரிசல் இருந்தா சிமென்ட் வெச்சு அடைங்க. செல்லோடேப் ஒட்டறது ஒரு வாரக் கதை, அதோட அந்தப் பசையிலயே பிசுக்கு ஒட்டும்.

அப்புறம் கீழ பின் சேம்பர். இங்க நடக்கற பெரிய தப்பு டிரெய்ன் மேல இருக்கற இரும்பு வலைய தூக்கி வெச்சுட்டு, சிந்துன குப்பைய அப்படியே உள்ள தள்ளறது, வேலை சீக்கிரம் முடியுதுல்ல. அந்தத் திறந்த குழி வழியாத்தான் சாக்கடைக் கரப்பானும் எலியும் ஏறி வரும். டிரெய்னுக்கு அடியில வளைஞ்ச குழாய்ல தண்ணி நிக்கணும், அந்தத் தண்ணிதான் பூட்டு, ரொம்ப நாள் கழுவாம விட்ட சேம்பர்ல அது காஞ்சு போயிடும். கதவுக்கு அடியில பென்சில் நுழையற இடைவெளி இருந்தா சுண்டெலி நுழையும், பெரிய எலிக்கு அதைவிட கொஞ்சம் அதிகமா இருந்தா போதும். மரக்கதவுன்னா அடியில தகடு அடிக்கணும், இல்லாட்டி கடிச்சுப் பெருசாக்கிடும்.

அங்க எலி விஷம் வைக்கிறது வீண் வேலைன்னுதான் சொல்வேன். தொட்டி நிறைய சோறும் கறியும் கிடக்கறப்போ அது எதுக்கு உங்க கட்டிய கடிக்கப் போகுது. கடிச்சாலும் சாக பல நாள் ஆகும், ஏதாவது சந்துல போய் செத்துட்டா அந்த நாத்தத்துக்கு வேற ஆள் கூப்பிடணும். பொறி நல்லது, ஆனா எலி புது சாமானப் பாத்தா சந்தேகப்படும், ஒரு சில நாள் பூட்டாம தீனி மட்டும் வெச்சு பழக்கிட்டு அப்புறம் பூட்டுங்க.

கழுவறதுல ரெண்டு விஷயம். பிசுக்கு மேல நேரா பிளீச்ச ஊத்தி ஒண்ணும் ஆகாது, முதல்ல சோப்பு மருந்து போட்டு பிசுக்க எடுக்கணும், அப்புறம்தான் கிருமிநாசினி. பிளீச்ச டாய்லெட் ஆசிட்டோட கலந்துடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும், சேம்பர் மூடுன ரூம், கழுவற ஆள் மாட்டிக்குவார்.

ரெண்டாவது, கழுவறப்பவும் தொட்டிய மாத்தறப்பவும் ஷூட்டோட அடி வாய மூடற தகட்டக் கட்டாயம் இழுத்து மூடணும், அதுக்கு அப்புறம்தான் ஆள் அதுக்கு அடியில போகணும். 30 மீட்டர் உயரத்துலருந்து தடையில்லாம விழற ஒரு பாட்டில் கீழ வரும்போது கணக்குப்படி மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல வரும். நோட்டீஸ் ஒட்டிட்டோம், காலைல 10 மணிக்கு யாரும் போட மாட்டாங்கன்னு நம்பறதெல்லாம் வேண்டாம், 11வது மாடி பாட்டி நோட்டீஸ் படிக்கறதில்ல. தகடு துருப்பிடிச்சு நகரலன்னா அன்னிக்குக் கழுவற வேலைய நிறுத்திட்டு தகட்ட ரிப்பேர் பண்ணுங்க.