பழைய வரிப் பதிவேட்டை எக்செலில் ஏற்றுவது: எங்களை இடறவைத்த ‘௸’

சென்னைக்குத் தெற்கே ஒரு கிராம ஊராட்சியில் என் மாமா எழுத்தர். 1968 முதலான வீட்டு வரிப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. தினமும் மாலை பத்துப் பக்கம் தட்டுவார். ஞாயிறுகளில் மடிப்பாக்கத்திலிருந்து நான் போய் உதவினேன். அப்போது கற்றதை இங்கே எழுதுகிறேன்.

தட்டச்சுக்கு யூனிகோடு, தமிழ்99 விசைப்பலகை. வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய எழுத்துருக்களில் அடித்தால் பின்னால் ஒரு பெயரைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

முதலில் கதவு எண். 12/3 என்று அடித்தால் எக்செல் அதை மார்ச் 12 ஆக்கிவிடும். அதனால் தட்டும் முன்பே அந்த நெடுவரிசையை Text என்று மாற்றுங்கள். அடித்த பிறகு மாற்றினால் 45363 போல ஓர் எண்தான் மிஞ்சும்.

அடுத்து A-இல் பக்கம், B-இல் வரி எண், C-இல் கதவு எண், D-இல் பெயர், E-இல் தொகை. பதிவேட்டில் உள்ளபடியே அடியுங்கள்.

எங்களை இடறவைத்தது D. ஒரே ஆளுக்கு நாலு வீடு இருந்தால் பழைய எழுத்தர் முதல் வரியில் பெயரும் கீழே மூன்று வரியில் ‘௸’ என்றும் எழுதியிருந்தார். மேற்படி என்பதற்கான குறி அது. மாமாவும் அப்படியே அடித்துவிட்டு, கதவு எண்படி வரிசைப்படுத்திச் சேமித்தார். ௸ எல்லாம் யார் யார் பெயருக்கோ கீழே போய் உட்கார்ந்துவிட்டன. தொகையின் கூட்டல் மட்டும் சரியாகவே இருந்தது. வரிசை மாறினால் கூட்டல் மாறாதே! குடிசை ஒன்று மட்டுமே உள்ள ஒரு பாட்டி பெயருக்குக் கீழே மூன்று ௸ நிற்பதைப் பார்த்துத்தான் மாமா, “இந்தம்மாவுக்கு ஏதுடா நாலு வீடு?” என்றார். அப்போது எங்களிடம் A, B இரண்டும் கிடையாது. நாற்பது பக்கத்தை மறுபடி தட்டினோம். A, B இருந்தால் அவற்றின்படி வரிசைப்படுத்திப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஆகவே வரிசைப்படுத்தும் முன் F2-இல் இதைப் போட்டுக் கடைசி வரி வரை இழுங்கள்:

```
=IF(TRIM(D2)="௸",F1,D2)
```

பெயர் இருந்தால் அதை எடுக்கும், ௸ இருந்தால் மேலே உள்ள பெயரை இறக்கும். அப்புறம் F முழுவதையும் நகலெடுத்து அதே இடத்தில் Paste Values கொடுங்கள். இதை விட்டால் வரிசைப்படுத்தும்போது பெயர்கள் மறுபடி கலையும். D-ஐ அழிக்காதீர்கள், மூலத்தில் இருந்ததற்கு அதுதான் சாட்சி.

பக்கத்தின் முதல் வரியே ௸ என்றால், முந்தைய பக்கம் விடுபடவில்லை என்று தாளைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அந்த வரிகளில் மாமா பெயரை நிரப்பாமல் ‘தாள் இல்லை’ என்றே எழுதினார்.

பிற்சேர்க்கை: சூத்திரம் வேலை செய்யாமல் அப்படியே எழுத்தாகத் தெரிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தாள் முழுவதையும் Text ஆக்கியிருக்கிறார். F-ஐ மட்டும் General ஆக்கி, F2-இல் சூத்திரத்தை மறுபடி அடித்து இழுத்தால் சரியாகிவிடும்.