வீடியோ கவுன்சலிங்: முதல் நிமிடத்தில் கேட்க வேண்டியது

வீடியோ அமர்வு தொடங்கியதும், ஆலோசனை பெறுபவரிடம் "இப்போ எந்த ஊர்ல, எந்த முகவரியில இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்; பதிவுப் படிவத்தில் உள்ள முகவரி போதாது.

மதுரை முகவரி கொடுத்தவர் இன்று பெங்களூரு விடுதியில் இருக்கலாம். அவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தால், நீங்கள் மதுரையிலிருந்து அவசர உதவி எண் 112-ஐ அழைத்தாலும் அது தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அதனால் அவர் இருக்கும் பகுதிக் காவல் நிலையத்தின் எண்ணையும், அவர் சம்மதத்தோடு நெருங்கியவர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

இரண்டாவது கேள்வி 'ஆமாம்', 'இல்லை' என்று முடிவது நல்லது. கணவரோ மாமியாரோ அருகில் இருந்தால் பெண்களால் அதற்கு மேல் பேச முடியாது. யாராவது அறைக்குள் வந்தால் சொல்ல, "அப்புறம் கரண்ட் போயிடும்" போல ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லாமல் பேசும் சாட் சேவைக்கு இது பொருந்தாது. முகவரி கேட்டாலே பலர் வெளியேறிவிடுவார்கள். எதிரில் தட்டச்சு செய்பவர் உண்மையில் யார் என்பதும் தெரியாது. அங்கே ஆபத்து தெரிந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐக் கொடுங்கள்.